அமெரிக்கக் கார் லீஸ் தாளைப் படிப்பது எப்படி: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் ஆறு வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். அமெரிக்காவில் லீஸ் முடிந்து திரும்பி வரும் கார்களின் தாள்களைச் சரிபார்த்து, கூடுதலாக ஓடிய மைலுக்கு இவ்வளவு, கீறலுக்கு இவ்வளவு என்று கடைசி பில் போடும் வேலை. அதை விட்டு நாளாகிவிட்டது, ஆனாலும் பெரம்பூர், தண்டையார்பேட்டை, கொளத்தூர் என்று பிள்ளைகளை அங்கே அனுப்பிய வீடுகளிலிருந்து கேள்விகள் வருவது நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பதற்கு இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"லீஸுன்னா கொடுத்த காசு முடிவுல திரும்ப வந்துடுமே, அப்புறம் எதுக்கு மாசா மாசம் வேற கட்டணும்?"

அது வீட்டு லீஸ். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி பண்ணும்போது முழுசாக எண்ணி வாங்கிக்கொண்டு போவோமே, பெரியவர்கள் போக்கியம் என்பார்கள், அந்தக் கதை இங்கே கிடையாது. பெயர் மட்டும்தான் ஒன்று.

கார் லீஸ் நீண்ட கால வாடகை. புதுக் காரை மூன்று வருஷம் ஓட்டினால் அதன் விலை எவ்வளவு இறங்கும் என்று லீஸ் கம்பெனி முதலிலேயே ஒரு கணக்குப் போட்டுவிடும். அந்த இறக்கத்தை நீங்கள் மாதத் தவணையாகக் கட்டுகிறீர்கள், அதோடு கம்பெனி அந்தக் காரில் போட்டு வைத்திருக்கும் பணத்துக்கு வட்டியும் கட்டுகிறீர்கள். முடிவில் காரைத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

முன்பணமாக 3,000 டாலர் கேட்பார்கள். அதை அட்வான்ஸ் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். அது விலையில் கழிக்கப்படும் பணம், மாதத் தவணை அழகாகத் தெரிவதற்காகத்தான். கார் ஷோரூமை விட்டு வந்த இரண்டாவது மாதமே விபத்தில் முழுசாகப் போய்விட்டால், இன்சூரன்ஸ் பணம் காருக்குச் சொந்தக்காரரான லீஸ் கம்பெனிக்குப் போகும், உங்கள் 3,000 பொதுவாகப் போனதுதான். அதனால் நான் கேட்பவர்களிடமெல்லாம் முன்பணம் போடாமல் மாதம் கொஞ்சம் கூடக் கட்டுங்கள் என்றுதான் சொல்வது.

"அண்ணா, இந்தக் கொட்டேஷனைப் பாருங்க, மாசம் 480 டாலர்னு போட்டிருக்கான், அது எப்படி வந்துச்சுன்னு கேட்டா கம்ப்யூட்டர் போட்டதுன்றான்."

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர், இப்போது நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறார், அவர் அனுப்பிய படம் இது. தாள் கோணலாக, பாதியில் காபி கப் நிழல் விழுந்து, ஆனால் வேண்டிய எண்கள் எல்லாம் தெரிந்தன. கம்ப்யூட்டர் ஒன்றும் மந்திரம் போடவில்லை, கூட்டல், கழித்தல், வகுத்தல்தான். வரியை மட்டும் விட்டுவிடுகிறேன், அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை 36,000 டாலர். பேரம் பேசி, லீஸ் போடும் கட்டணத்தையும் சேர்த்து 34,000-இல் நிற்கிறது. தாளில் இதற்கு அட்ஜஸ்டட் கேப்பிட்டலைஸ்டு காஸ்ட் என்று நீளமாக ஒரு பெயர் இருக்கும், நாம் லீஸ் விலை என்றே சொல்வோம். 36 மாதம் முடிந்து கார் திரும்பி வரும்போது அது 20,880 டாலர் பெறும் என்று கம்பெனி முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது, அதுதான் ரெசிடுவல் வேல்யூ, மீதி மதிப்பு.

முதல் பகுதி, விலை இறக்கம். 34,000-இல் 20,880 போனால் 13,120. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 364.44.

இரண்டாவது பகுதி, வட்டி. லீஸில் இதை ரெண்ட் சார்ஜ் என்பார்கள். லீஸ் விலையையும் மீதி மதிப்பையும் கூட்டினால் 54,880, அதை மணி ஃபேக்டரால் பெருக்க வேண்டும். அவர் தாளில் அது 0.00210. பெருக்கினால் மாதம் 115.25.

இரண்டையும் கூட்டினால் 479.69. அதுதான் அந்த 480.

"லீஸ் விலையையும் மீதி மதிப்பையும் எதுக்குக் கூட்டணும்? கழிக்கத்தானே செய்யணும்? ரெண்டு தடவை ஏமாத்துறானா?"

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள், ஏனென்றால் முதலில் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் நாள் கம்பெனியின் பணம் 34,000 உங்கள் காரில் முடங்கியிருக்கிறது. கடைசி நாள் 20,880 முடங்கியிருக்கிறது. அப்படியானால் மூன்று வருஷத்துக்கும் சராசரியாக எவ்வளவு முடங்கியிருந்தது? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது, 27,440. வட்டி அந்தச் சராசரித் தொகைக்குத்தான். இரண்டால் வகுக்கும் வேலையை ஒவ்வொரு தடவையும் செய்யாமல், வட்டி விகிதத்தையே முதலில் பாதியாக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாதியாக்கிய விகிதத்தின் பெயர்தான் மணி ஃபேக்டர்.

"வட்டி எவ்வளவுன்னு கேட்டா பாயின்ட் ஜீரோ ஜீரோ டூ ஒன்னுங்கிறான். அப்போ வட்டியே இல்லைன்னுதானே அர்த்தம்?"

அப்படி நினைக்க வைப்பதில் அந்தப் பூஜ்யங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நம் தெருவில் கணக்கு எப்படிச் சொல்வோம்? நூற்றுக்கு இரண்டு வட்டி, மூன்று வட்டி என்போம், அது மாதத்துக்கு. அந்த வாய்க்கணக்கிலேயே இதையும் சொல்லிவிடலாம். 0.00210 என்பதை நூறால் பெருக்கினால் 0.21, பாதியாக்கியதை மறுபடி இரட்டிப்பாக்கினால் 0.42. அதாவது நூற்றுக்கு 42 பைசா வட்டி, மாதத்துக்கு. பன்னிரண்டு மாதத்துக்கு 5.04 விழுக்காடு. நூறு, இரண்டு, பன்னிரண்டு மூன்றையும் பெருக்கினால் 2,400. அதனால்தான் மணி ஃபேக்டரை 2,400-ஆல் பெருக்கினால் வருஷ வட்டி வந்துவிடும் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். சில டீலர்கள் பூஜ்யங்களை விட்டுவிட்டு "2.1" என்று வாயால் சொல்வார்கள். கேட்பவர் 2.1 விழுக்காடு வட்டி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போடுவார். உண்மையில் அது 5.04. எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள், 2,400-ஆல் நீங்களே பெருக்குங்கள்.

"நான் கையெழுத்துப் போட்ட தாள்ல மணி ஃபேக்டர்னு ஒரு வார்த்தையே இல்லையே, எங்க போய்ப் பார்க்கறது?"

இருக்காது. அமெரிக்காவில் 1976-இல் வந்த நுகர்வோர் லீஸ் சட்டமும், அதன் கீழ் வரும் ரெகுலேஷன் எம் என்கிற விதியும் எதையெல்லாம் தாளில் காட்ட வேண்டும் என்று சொல்கின்றன. லீஸ் விலை, மீதி மதிப்பு, மொத்த ரெண்ட் சார்ஜ் எல்லாம் கட்டாயம். ஆனால் மணி ஃபேக்டரை எழுத வேண்டும் என்று இல்லை. எழுதாததால் மறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கைவசம் இருக்கிற எண்களிலிருந்தே அதை வெளியே இழுத்துவிடலாம்.

எடிசன் தம்பியின் தாளில் ரெண்ட் சார்ஜ் என்ற வரியில் 4,148.93 என்று இருந்தது. இது 36 மாதத்துக்கும் சேர்த்து. 36-ஆல் வகுத்தால் 115.25. அதை 54,880-ஆல் வகுத்தால் 0.00210. அவ்வளவுதான், போனில் இருக்கிற கால்குலேட்டர் போதும்.

இதை ஏன் போட்டுப் பார்க்க வேண்டும்? லீஸ் கம்பெனி ஒரு அடிப்படை விகிதத்தைத் தரும், பை ரேட் என்பார்கள். உங்கள் கிரெடிட் ஸ்கோர் நன்றாக இருந்தால் அந்த விகிதம்தான் கிடைக்க வேண்டும். ஆனால் டீலர் அதன்மேல் கொஞ்சம் ஏற்றி, ஏற்றிய பகுதியில் பங்கு எடுத்துக்கொள்ள இடம் உண்டு. இந்தத் தம்பியின் காருக்கு அந்த மாதம் பை ரேட் 0.00170 என்று பக்கத்து ஊர் டீலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். 0.00170-க்குப் போட்டால் வட்டி மாதம் 93.30 தான். மாதம் 21.95 வித்தியாசம், 36 மாதத்துக்கு 790 டாலர். நாலு பூஜ்யத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு 4-க்கு இந்த விலை.

அவர் திரும்பிப் போய், "உங்கள் மணி ஃபேக்டர் 0.00210, பை ரேட் 0.00170, ஏன்?" என்று ஒரே வரியில் கேட்டார். முதலில் "எங்கள் கையில் இல்லை" என்றார்கள். பக்கத்து டீலரின் எண்ணைக் காட்டியபின் கையில் வந்துவிட்டது. கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் இது நடக்கும், கையெழுத்துக்குப் பின்னால் கேட்டால் பெருமூச்சுதான்.

(கீழே வரும் கணக்குகளில் 0.00210-ஐயே வைத்துக்கொள்கிறேன், எண் மாறி மாறி வந்தால் குழம்பும்.)

"ரெசிடுவல் 58 பர்சென்ட்னா எதுல 58? நாம பேரம் பேசினா அதுவும் குறைஞ்சுடாதா?"

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலையில் 58. அதாவது 36,000-இல். நீங்கள் பேசி இறக்கிய விலையில் அல்ல. இதைப் புரிந்துகொண்டால் பேரத்தில் தைரியம் வரும், ஏனென்றால் நீங்கள் விலையை எவ்வளவு இறக்கினாலும் மீதி மதிப்பு 20,880-ஐ விட்டு நகராது. இறக்கிய ஒவ்வொரு டாலரும் முழுசாக விலை இறக்கப் பகுதியிலிருந்து கழியும். இந்தக் காருக்கு இன்னும் 1,000 டாலர் குறைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 30 டாலர் குறையும்.

மீதி மதிப்பில் பேரம் கிடையாது. அது லீஸ் கம்பெனி நிர்ணயிப்பது, டீலர் மாற்ற முடியாது. மாடலுக்கு மாடல், மாதத்துக்கு மாதம் மாறும்.

மீதி மதிப்பு கூடுதலாக இருந்தால் தவணை குறையும், ஆனால் லீஸ் முடிந்தபின் அதே காரை வாங்கிக்கொள்ள நினைத்தால் அந்தக் கூடுதல் விலையையே கொடுக்க வேண்டும். வாங்குகிற எண்ணம் இல்லாதவருக்கு இது கவலையே இல்லை. கார் திரும்பப் போகும்போது சந்தையில் அது 17,000 தான் பெறும் என்றாலும் அந்த நஷ்டம் கம்பெனியுடையது. சாதாரணமாகத் தனி ஆட்களுக்குக் கொடுக்கிற லீஸ் இந்த வகைதான். அதில் க்ளோஸ்டு எண்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஓப்பன் எண்ட் என்று இருந்தால் அந்த வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

இது தலைகீழாகவும் நடக்கும். 2021, 2022-இல் அங்கே பழைய கார் விலை எகிறியபோது, மூன்று வருஷம் முன்னால் எழுதிய மீதி மதிப்பைவிடச் சந்தை விலை பல ஆயிரம் டாலர் அதிகமாக இருந்தது. தெரிந்தவர்கள் எழுதிய விலைக்கு வாங்கி விற்று லாபம் பார்த்தார்கள். தெரியாதவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு ஊபர் பிடித்து வீட்டுக்குப் போனார்கள்.

"மைலேஜ் லிமிட் 12,000னு இருக்கே, லிட்டருக்கு எவ்வளவுன்னு சொல்றானா?"

நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான், அதனால் இந்தக் குழப்பத்தில் தப்பில்லை. லீஸில் மைலேஜ் என்பது கார் ஓடிய மொத்தத் தூரம். வருஷத்துக்கு 12,000 மைல், ஏறக்குறைய 19,300 கிலோமீட்டர்.

"10,000, 12,000, 15,000னு மூணு இருக்கு. குறைச்சலா எடுத்துட்டு, கூட ஓடினா அப்போ கட்டிக்கலாம்ல?"

கட்டிக்கொள்ளலாம், ஆனால் விலை வேறு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

மைல் கூடினால் கார் தேயும், மீதி மதிப்பு குறையும். அதே காருக்கு 12,000 மைலுக்கு 58 விழுக்காடு என்றால் 15,000 மைலுக்கு 56 என்று எழுதுவார்கள். 56 விழுக்காடு 20,160 டாலர். மறுபடியும் அதே கணக்கைப் போட்டால் மாதத் தவணை 498.18. அதாவது 18.49 கூடுதல், 36 மாதத்துக்கு 666 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசுக்குக் கிடைப்பது மூன்று வருஷத்தில் 9,000 மைல். மைலுக்கு ஏழரை சென்ட் கூட இல்லை.

அதே 9,000 மைலை 12,000 லீஸில் மேலதிகமாக ஓட்டினால்? ஒப்பந்தத்தில் கூடுதல் மைலுக்கு 25 சென்ட். (15-இல் ஆரம்பித்து 30 வரை பார்த்திருக்கிறேன், சொகுசுக் கார்களுக்கு மேல் பக்கம்.) மொத்தம் 2,250 டாலர். முன்னாலேயே வாங்கியிருந்தால் 666.

அதற்காக எல்லோரும் 15,000 எடுக்க வேண்டும் என்று இல்லை. எடுத்துவிட்டு ஓட்டாமல் விட்டால் சாதாரணமாகத் திரும்பி வராது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் மைலுக்குச் சில ஒப்பந்தங்களில் மட்டும் திருப்பித் தருவார்கள். எங்கே கோடு போடுவது என்றால், 666-ஐ 25 சென்ட்டால் வகுங்கள், 2,664 வரும். மூன்று வருஷத்தில் 36,000-ஐவிட இந்த 2,664 மைலுக்கு மேல் தாண்டுவீர்கள் என்று தெரிந்தால் 15,000 லாபம். அதற்குள் அடங்கும் என்றால் 12,000 எடுத்துவிட்டு, தாண்டியதற்கு முடிவில் கட்டிவிடுவதே மலிவு.

எடிசன் தம்பியோடு போனில் உட்கார்ந்து எண்ணினோம். ஆபீஸ் ஒரு வழிக்கு 22 மைல், போக வர 44, வாரத்தில் நாலு நாள், லீவெல்லாம் போக வருஷத்துக்கு 48 வாரம். அதுவே 8,448 மைல். ஓக் ட்ரீ ரோட்டுக்கு மளிகை வாங்க, பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு, நண்பர்கள் வீட்டுக்கு என்று சனி ஞாயிறு 60 மைல் வைத்தால் வருஷத்துக்கு 3,000. அப்பா அம்மா இங்கிருந்து வந்தால் நயாகரா காட்டாமல் இருக்க முடியாது, அப்படி நீளப் பயணங்களுக்கு 2,000. மொத்தம் 13,448. மூன்று வருஷத்தில் 36,000-ஐ 4,344 மைல் தாண்டுகிறார். 15,000 எடுத்தார்.

"முதல் வருஷமே 14,000 ஓடிருச்சு, அப்பவே ஃபைன் கட்டணுமா?"

வேண்டாம். வருஷா வருஷம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 36,000 என்பதுதான் எல்லை. அடுத்த வருஷம் குறைத்து ஓட்டினால் சரியாகிவிடும்.

"மச்சானுக்கு கார் திருப்பிக் கொடுத்தப்புறம் 1,390 டாலர்னு பில் வந்திருக்கு, அவ்வளவு ஓட்டவே இல்லைங்கிறார். சரியான்னு எப்படிப் பார்க்கறது?"

மூன்று எண் வேண்டும்: காரை எடுத்த அன்று ஓடோமீட்டரில் இருந்தது, கொடுத்த அன்று இருந்தது, ஒப்பந்தத்தின் மொத்த எல்லை. இவர் கொடுத்த அன்று 41,560. பில் போட்டவர் அதிலிருந்து 36,000-ஐக் கழித்து 5,560 மைல் என்று 25 சென்ட்டால் பெருக்கிவிட்டார். ஆனால் இவர் எடுத்த கார் ஷோரூமில் ஓட்டிக்காட்ட வைத்திருந்தது, எடுக்கும்போதே 310 மைல் ஓடியிருந்தது, முதல் தாளில் அது எழுதியும் இருக்கிறது. இவருடைய ஒப்பந்தம் ஆரம்ப எண்ணுக்கு மேல் 36,000 என்றுதான் சொல்கிறது. அதைக் கழித்தால் கூடுதல் 5,250 மைல், 1,312.50 டாலர். 77.50 அதிகம் போட்டிருக்கிறார்கள். தாளைப் படம் எடுத்து அனுப்பினால் திருத்திவிடுவார்கள், சண்டை தேவையில்லை. மிச்சம் 1,312.50 நியாயமான பில்தான், அவர் ஓட்டவே இல்லை என்று சொன்னதைத் தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று எங்கள் மேசையிலேயே நடக்கப் பார்த்தது. ஓடோமீட்டர் படத்தில் 52,300 என்று பளிச்சென்று இருந்தது, எல்லை 36,000, பில் 4,075 டாலர் என்று போட்டு அனுப்பத் தயாராக வைத்திருந்தோம். பக்கத்து சீட் அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணுக்குப் பக்கத்தில என்ன எழுதியிருக்கு பாரு" என்றார். மைல் அல்ல, கிலோமீட்டர். ஓட்டியவர் நம்ம ஊர்க்காரர் போலிருக்கிறது, கண்ணுக்குப் பழகிய கணக்கில் இருக்கட்டும் என்று திரையைக் கிலோமீட்டருக்கு மாற்றி வைத்திருந்தார். மைலில் 32,500 தான் வரும், ஒரு சென்ட் கூட கட்ட வேண்டியதில்லை. திருப்பிக் கொடுக்கும் முன் திரையை மைலுக்கு மாற்றிவிட்டு, சாவி கைமாறும் இடத்திலேயே ஓடோமீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் ஆறு மாசம் இருக்கு, கண்டிப்பா தாண்டிடும். இப்போ என்ன பண்ணலாம்?"

முதலில் எவ்வளவு தாண்டும் என்று பாருங்கள். இதுவரை ஓடிய மைலை இதுவரையான மாதங்களால் வகுத்து 36-ஆல் பெருக்கினால் தெரிந்துவிடும். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் நீளப் பயணத்துக்கு அதை எடுங்கள். லீஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, நடுவில் மைல் வாங்க முடியுமா, என்ன விலை என்று கேளுங்கள், சிலர் 25 சென்ட்டைவிடக் குறைவாகத் தருவார்கள்.

பெரும்பாலானோர் யோசிக்காத வழி ஒன்று இருக்கிறது. கூடுதல் மைல் கட்டணம் காரைத் திருப்பிக் கொடுப்பவருக்குத்தான். நீங்களே வாங்கிக்கொண்டால் அது கிடையாது, திருப்பிக் கொடுக்கும்போது வாங்குகிற டிஸ்போசிஷன் கட்டணமும் கிடையாது.

மச்சான் கணக்கையே எடுத்துக்கொள்வோம், அவர் காருக்கும் மீதி மதிப்பு 20,880 என்று வையுங்கள். திருப்பிக் கொடுத்தால் மைலுக்கு 1,312.50, டிஸ்போசிஷன் கட்டணம் 395, ஆக 1,707.50 கையை விட்டுப் போகும். அதே கார் சந்தையில் 20,200 பெறுகிறது என்றால், 20,880 கொடுத்து வாங்கினால் 680 தான் நஷ்டம். வாங்குவதே மலிவு என்று உடனே குதிக்காதீர்கள், வரி இருக்கிறது. நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 விழுக்காடு, 20,880-க்கு 1,383 டாலர். வாங்கி உடனே விற்கிறவருக்கு 680-உம் 1,383-உம் சேர்ந்து 2,063, திருப்பிக் கொடுப்பதே மேல். ஆனால் எப்படியும் ஒரு பழைய கார் வாங்கத்தான் போகிறார் என்றால், எந்தக் கார் வாங்கினாலும் அந்த வரி உண்டு, அப்போது தன் கையால் ஓட்டிய, என்ன அடிபட்டது என்று தனக்கே தெரிந்த காரை வாங்குவது நல்லது. சந்தை விலை மீதி மதிப்பைவிட அதிகமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

"எங்க கம்பெனியில இங்கயே கார் லீஸ் தர்றாங்க. நான் திருவொற்றியூர், ஆபீஸ் சிறுசேரி. அதுலயும் இதே கணக்குதானா?"

மணி ஃபேக்டர் என்ற பேச்சே இங்கே வராது, அது அமெரிக்க வழக்கம். மாத வாடகை இவ்வளவு, அதன்மேல் ஜிஎஸ்டி இவ்வளவு என்று நேராகச் சொல்வார்கள், பல திட்டங்களில் இன்சூரன்ஸும் சர்வீஸும் அதிலேயே அடங்கும். ஆனால் அடியில் இருப்பது அதே இரண்டு விஷயம்தான், விலை இறக்கமும் வட்டியும். வட்டி தெரிய வேண்டுமானால் கார் விலை, முடிவில் வாங்கும் விலை, மாத வாடகை மூன்றையும் கேட்டு வாங்கி மேலே உள்ள கணக்கையே போடலாம், வாடகையிலிருந்து இன்சூரன்ஸ், சர்வீஸ், வரியைக் கழித்துவிட்டு.

உங்களுக்கு வில்லங்கம் கிலோமீட்டரில்தான் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து சிறுசேரிக்கு ஒரு வழிக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். 45 என்று வைத்தால் போக வர 90, மாதம் 22 நாளுக்கு 1,980, வருஷத்துக்கு 23,760. இன்னும் மெரினாவுக்கோ திருத்தணிக்கோ வண்டியை எடுக்கவே இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் என்று இருந்தால் எட்டாவது மாதம் முடியும் முன்னே தீர்ந்துவிடும். எச்ஆரிடம் பேசும்போது மாத வாடகையைக் கேட்பதற்கு முன்னால் வருஷ எல்லை எவ்வளவு, தாண்டினால் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய், எல்லையை 25,000-க்கு ஏற்றினால் வாடகை எவ்வளவு கூடும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் தினம் போகிறவர் நீங்கள். திருப்பிக் கொடுக்கும்போது சாதாரணத் தேய்மானம் எது, காசு பிடிக்கிற கீறல் எது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும், அதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். காரை எடுக்கும் நாளிலேயே நாலு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுத்து, தேதியோடு உங்களுக்கே மெயில் போட்டு வையுங்கள். முன் பம்பரின் கீழ் விளிம்பையும் குனிந்து ஒரு படம். ஆய்வுக்கு வருபவர் பெரும்பாலும் முதலில் குனிவது அங்கேதான்.